பிஜிவி-யில் தேதியும் பதவியும் பொருந்தாமல் போவது எங்கே, ஏன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியத் தனியார் நிறுவனங்களில், குறிப்பாக ஐடி வேலைகளில், ஆஃபருக்குப் பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பு, அதாவது பிஜிவி, பற்றிய கேள்விகள் இவை. பழைய வேலையின் தேதிகள், பதவிப் பெயர் ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். படிப்பு, முகவரி, காவல்துறைச் சரிபார்ப்பு எல்லாம் வேறு கதை.

ரெஸ்யூமே ஸ்கோர் 90-க்கு மேல வந்துச்சு. மூணு ரவுண்டு முடிஞ்சு ஆஃபரும் வந்தாச்சு. இப்போ போய் தேதி பொருந்தலைன்னு சொல்றாங்க. முன்னாடியே ஏன் யாரும் சொல்லலை?

அதுவரை யாரும் சரிபார்க்கவில்லை என்பதால்தான். விண்ணப்பங்களை வடிகட்டும் ஏடிஎஸ் மென்பொருள் உங்கள் ரெஸ்யூமேயில் உள்ள சொற்களை வேலை அறிவிப்பில் உள்ள சொற்களோடு ஒப்பிடும், நீங்கள் போட்ட மாதங்களைக் கூட்டி அனுபவம் எவ்வளவு என்று கணக்கிடும். பழைய கம்பெனியிடம் கேட்க அதற்கு வழியில்லை. இன்டர்வியூ எடுப்பவர் உங்களுக்கு வேலை தெரியுமா என்று பார்க்கிறாரே தவிர, எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. பழைய கம்பெனியின் ஹெச்ஆரிடம் உங்களைப் பற்றி முதன்முதலாகக் கேட்பவர் சரிபார்ப்பு ஏஜென்சியின் ஊழியர். அதுவும் நீங்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு, பெரும்பாலும் ஆஃபர் கைக்கு வந்த பிறகு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்கோரை ஏற்றுவதற்காகச் செய்யும் திருத்தங்களில் இரண்டுதான் பிஜிவி-யில் அதிகம் மாட்டுகின்றன. ஒன்று, பழைய பதவிப் பெயரை வேலை அறிவிப்பில் உள்ள பெயராகவே மாற்றி எழுதுவது. மற்றொன்று, மாதங்களை எடுத்துவிட்டு வருடத்தை மட்டும் விடுவது. “2019 – 2021” என்று எழுதினால் அது 2019 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரையிலான 36 மாதமாகவும் இருக்கலாம், 2019 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரையிலான 14 மாதமாகவும் இருக்கலாம். ரெஸ்யூமேயில் இந்த மங்கல் செல்லுபடியாகும். பிஜிவி படிவத்தில் நாள், மாதம், வருடம் மூன்றுக்கும் கட்டம் இருக்கும், காலியாக விட முடியாது. அங்கே உண்மைத் தேதியை எழுதினால் ரெஸ்யூமேயோடு இடிக்கும், ரெஸ்யூமேக்கு ஏற்றபடி எழுதினால் பழைய கம்பெனியின் பதிலோடு இடிக்கும்.

அவங்க எதை வெச்சு ஒப்பிடுறாங்க?

முதலில் நீங்கள் நிரப்பிய பிஜிவி படிவமும், நீங்கள் ஏற்றிய ஆவணங்களும்: ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப். அடுத்து பழைய கம்பெனியின் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போகும். அதில் எம்ப்ளாயி ஐடி, சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், பதவி, விலகிய காரணம், மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். பெரிய கம்பெனிகள் பல, தேதியையும் பதவியையும் மட்டும் உறுதிசெய்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் தருவதில்லை.

மூன்றாவது பிஎஃப். உங்கள் பிஎஃப் கணக்குகளை எல்லாம் இணைக்கும் யுஏஎன் எண்ணை வைத்து உங்கள் பணி வரலாற்றைப் பார்க்க ஓடிபி மூலம் சம்மதம் கேட்பார்கள், அல்லது அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேட்பார்கள். 2014-இல் யுஏஎன் வந்த பிறகு, அதில் இணைந்த எல்லாக் கம்பெனிகளும் ஒரே பட்டியலில் வந்துவிடுகின்றன. பிஎஃப் இல்லாதவர்களிடம் வருமான வரித் தளத்தின் 26ஏஎஸ் படிவத்தைக் கேட்பது உண்டு. சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்த கம்பெனியின் பெயரும் தேதியும் அதில் இருக்கும். சம்பளம் வரி வரம்புக்குக் கீழே இருந்து டிடிஎஸ் பிடிக்கவில்லை என்றால் கம்பெனியின் பெயர் அதில் வராமல் போகலாம். ஆகவே 26ஏஎஸ்-இல் ஒரு கம்பெனி இல்லை என்பதால் மட்டும் அங்கே வேலை பார்க்கவில்லை என்று ஆகிவிடாது.

ரிப்போர்ட்டில் இரண்டு பத்திகள் இருக்கும்: விண்ணப்பதாரர் சொன்னது, சரிபார்த்ததில் கிடைத்தது. இரண்டும் ஒத்தால் பச்சை. ஒத்துப்போகாவிட்டால் கம்பெனியின் விதிப்படி ஆரஞ்சு அல்லது சிவப்பு. பதிலே வராவிட்டால் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று தனி வகை. இந்த மூன்றாவதைப் பலர் சிவப்பு என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். அது குற்றச்சாட்டு அல்ல, கூடுதல் ஆவணம் கேட்கிறார்கள் என்றுதான் பொருள்.

ஒரு மாசம் முன்னே பின்னே இருந்தா அவ்வளவு பெரிய விஷயமா?

எத்தனை நாள் வரை பரவாயில்லை என்பதை ஆளெடுக்கும் கம்பெனி ஏஜென்சியோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். சில நாள் வித்தியாசம் பொதுவாகச் சிறு முரண் என்று போய்விடும். ஆனால் நாட்களின் எண்ணிக்கையை விட, அந்த நாட்கள் எதை மறைத்தன என்பதைத்தான் ரிப்போர்ட்டைப் படிப்பவர் பார்ப்பார். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது புரியும்.

ரெஸ்யூமேயில் ஒருவர் எழுதியது: சீனியர் சாஃப்ட்வேர் எஞ்சினியர், ஜூன் 2018 – டிசம்பர் 2022. அடுத்த கம்பெனி ஜனவரி 2023 முதல். ரிலீவிங் லெட்டரில் இருப்பது: ப்ரோகிராமர் அனலிஸ்ட், 16.07.2018 முதல் 11.11.2022 வரை. அடுத்த கம்பெனியில் சேர்ந்த நாள் 02.01.2023.

முன்பக்கம் ஒரு மாதம், பின்பக்கம் ஒரு மாதம், அவ்வளவுதானே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். ரெஸ்யூமேயின்படி 55 மாதம், அதாவது 4 வருடம் 7 மாதம். லெட்டரின்படி 4 வருடம் 3 மாதம் 27 நாள். அந்த வேலைக்குக் குறைந்தபட்சம் நாலரை வருட அனுபவம் கேட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தக் கூடுதல் மாதங்கள்தான் அவரை வடிகட்டியைத் தாண்ட வைத்தன. அதோடு 12.11.2022 முதல் 01.01.2023 வரையிலான 51 நாள் இடைவெளியும் காணாமல் போயிருக்கிறது. பதவியும் ஒரு படி ஏறியிருக்கிறது. மூன்று முரண்களும் அவருக்குச் சாதகமான திசையிலேயே இருக்கின்றன. கைத்தவறு என்றால் ஒன்றாவது அவருக்குப் பாதகமாக விழுந்திருக்கும் என்றுதான் படிப்பவர் யோசிப்பார். இது பெரிய முரண் ஆவதற்கு அதுவே காரணம்.

அதே ஆள் ஜூலை 2018 – நவம்பர் 2022 என்று எழுதியிருந்து, படிவத்தில் 16-க்குப் பதில் 18 என்று நாளைத் தவறாகப் போட்டிருந்தால், யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

தேதி தவறாகப் போவதற்கு வழக்கமான காரணங்களும் உண்டு. ஆஃபர் லெட்டரின் தேதியைச் சேர்ந்த தேதியாகப் போடுவார்கள். ராஜினாமா கொடுத்த நாளையோ, நோட்டீஸ் பீரியடை முழுதாகப் பார்த்திருந்தால் வந்திருக்கும் நாளையோ கடைசி நாளாக எழுதுவார்கள். நோட்டீஸுக்குப் பணம் கட்டி முன்னதாகவே வெளியேறியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். எழுத வேண்டியது ரிலீவிங் லெட்டரில் உள்ள கடைசி வேலை நாள்.

ஆஃபீஸ்ல எல்லாரும் என்னை டீம் லீடுன்னுதான் சொல்வாங்க. மெயில் சிக்னேச்சர்லயும் அதான் இருந்துச்சு. ஆனா லெட்டர்ல வெறும் அசோசியேட்னு இருக்கு. எதைப் போடணும்?

லெட்டரில் உள்ளதை. ஹெச்ஆர் மென்பொருளில் உங்கள் பெயருக்கு எதிரே எந்தப் பதவி பதிவாகியிருக்கிறதோ அதைத்தான் பழைய கம்பெனி பதிலாக அனுப்பும். பதில் அனுப்புபவருக்கு உங்களை யாரென்றே தெரியாது. உங்கள் மேனேஜர் டீம் லீட் என்று அழைத்ததும், கிளையன்ட் மெயிலில் அப்படிக் கையெழுத்துப் போட்டதும் அவர் முன்னால் உள்ள திரையில் தெரியாது.

ஆனால் ‘அசோசியேட்’ என்று மட்டும் எழுதினால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாருக்கும் புரியாது, ஸ்கோரும் இறங்கும். இதற்கு நேர்மையான வழி இருக்கிறது. பதிவில் உள்ள பதவியை முதலில் எழுதுங்கள், செய்த வேலையை அதற்குப் பக்கத்தில் வேறாகக் காட்டுங்கள்:

```
Programmer Analyst (working role: Java Backend Developer)
16 Jul 2018 – 11 Nov 2022
```

தேடும் சொல் ரெஸ்யூமேயில் இருக்கிறது, பதவியும் பதிவோடு ஒத்துப்போகிறது. நீங்கள் குறிவைக்கும் வேலையின் பெயரை ரெஸ்யூமேயின் உச்சியில், பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில் போடலாம். அந்த வரி எந்தக் கம்பெனியோடும் ஒட்டிக்கொண்டு இல்லாததால் யாரும் அதைச் சரிபார்க்கப் போவதில்லை. ஸ்கோர் போடும் தளங்கள் ‘பதவிப் பெயர் பொருந்தவில்லை’ என்று காட்டினால் திருத்த வேண்டியது இந்த வரியைத்தான். பணி வரலாற்றில் கை வைக்க வேண்டாம்.

இதில் ஒரு எல்லை உண்டு. ‘சீனியர்’, ‘லீட்’, ‘மேனேஜர்’ போன்ற படிநிலைச் சொற்களை அடைப்புக்குறிக்குள்ளும் கூட்டிச் சேர்க்காதீர்கள். ஜாவா டெவலப்பர் என்பது செய்த வேலையின் விவரம். சீனியர் என்பது கம்பெனி கொடுக்க வேண்டிய பட்டம். டீமை நடத்தியிருந்தால் ‘ஆறு பேர் கொண்ட குழுவின் பணிகளை ஒருங்கிணைத்தேன்’ என்று கீழே ஒரு வரி எழுதலாம்.

வேலையில் இருக்கும்போதே பதவி உயர்வு வந்திருந்தால் இரண்டு பதவிகளையும் தனித்தனித் தேதிகளோடு எழுதுங்கள். கடைசிப் பதவியை மட்டும் எழுதி முழுக் காலத்தையும் அதற்குக் கொடுப்பது, அந்தப் பதவியில் அத்தனை வருடம் இருந்ததாகச் சொல்வதாகிவிடும். உயர்வுக் கடிதத்தின் நகலையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள். சில கம்பெனிகள் சேர்ந்தபோது இருந்த பதவியையே பதிலாக அனுப்பிவிடுகின்றன.

நான் எல்லாம் சரியாத்தான் எழுதினேன். பிஎஃப்-லதான் தேதி தப்பா இருக்கு. என்ன பண்றது?

முதலில் உண்மையிலேயே தவறா என்று பாருங்கள். `unifiedportal-mem.epfindia.gov.in` தளத்தில் நுழைந்து `View → Service History` போனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் `DOJ EPF`, `DOE EPF` என்ற தேதிகள் இருக்கும். அவை பிஎஃப்-இல் சேர்ந்த, விலகிய தேதிகள். வேலையில் சேர்ந்த தேதியும் பிஎஃப்-இல் சேர்ந்த தேதியும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதன்முதலாக வேலைக்குச் சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தால் பிஎஃப் கட்டாயமில்லை. பொதுவாக 20 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கும் கட்டாயமில்லை. ஆகவே ஒரு கம்பெனி பட்டியலில் இல்லாமல் போகலாம், தாமதமாகவும் தொடங்கலாம்.

பாஸ்புக்கைப் பார்த்து மாதம் கணக்கிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்துக்கான பிஎஃப்-ஐக் கம்பெனி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டும். பணம் வந்து சேர்ந்த தேதியை வைத்து எண்ணினால் ஒரு மாதம் தள்ளிப்போகும். சம்பள மாதத்தை வைத்து எண்ணுங்கள்.

உண்மையான சிக்கல் விலகிய தேதியில்தான் வரும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமலே விட்டிருக்கலாம், அல்லது இறுதிக் கணக்கு முடித்த மாதத்தைப் போட்டிருக்கலாம். அப்படி இருந்தால் அடுத்த கம்பெனியில் சேர்ந்த பிறகும் பழைய கம்பெனியில் இருந்ததுபோல் தெரியும், ஏஜென்சி அதை ‘ஒரே நேரத்தில் இரண்டு வேலை’ என்று குறித்துவிடும். தேதியே போடவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு `Manage → Mark Exit` வழியாக ஆதார் ஓடிபி கொடுத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். ரிலீவிங் லெட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். ஒருமுறை பதிவாகிவிட்டால் மாற்றுவது சுலபமல்ல. தவறான தேதி ஏற்கனவே ஏறியிருந்தால் கூட்டு உறுதிமொழி விண்ணப்பம் கொடுத்துத்தான் திருத்த வேண்டும். சில நேரம் அதற்குப் பழைய கம்பெனியின் ஒப்புதலும் தேவைப்படும்.

அது முடியும்வரை பிஜிவி காத்திருக்காது. ரிலீவிங் லெட்டர், கடைசி பே ஸ்லிப், சம்பளம் வரவான வங்கி அறிக்கையின் கடைசி மாதம் ஆகிய மூன்றையும் உடனே அனுப்பி, பிஎஃப் தேதி ஏன் வேறாக இருக்கிறது என்று இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு சம்பளம் வரவாகவில்லை என்பதை வங்கி அறிக்கை காட்டிவிடும்.

பெரிய கம்பெனி ஆஃபீஸ்லதான் மூணு வருஷம் உக்காந்து வேலை பார்த்தேன். ஆனா பே ரோல் வேற கம்பெனி. யார் பேரைப் போடறது?

சம்பளம் கொடுத்த கம்பெனியின் பெயரைத்தான் முதலாளியாகப் போட வேண்டும், பெரிய கம்பெனியை கிளையன்ட் என்று பக்கத்தில் குறிப்பிடலாம். பெரிய பெயரை மட்டும் போட்டால் ரெஸ்யூமே கண்ணில் படும் என்பது உண்மைதான். ஆனால் ஏஜென்சி அந்தப் பெரிய கம்பெனிக்கு மெயில் போட்டால், ‘இந்தப் பெயரில் எங்களிடம் ஊழியர் பதிவு இல்லை’ என்று பதில் வரும். தேதி முரணை விட மோசமான பதில் அது. வேலையே பார்க்கவில்லை என்பதுபோல் ஆகிவிடும். பிஎஃப்-இலும் 26ஏஎஸ்-இலும் இருப்பது பே ரோல் கம்பெனியின் பெயர்தான்.

நடுவில் பே ரோல் கம்பெனி மாறியிருந்தால், இருக்கை மாறாவிட்டாலும் அவை இரண்டு வேலைகள்தான். இரண்டையும் அவற்றின் தேதிகளோடு எழுதுங்கள். உங்கள் கம்பெனியை வேறொன்று வாங்கிப் பெயர் மாறியிருந்தால், ‘முன்னர் இந்தப் பெயரில் இயங்கியது’ என்று ஒரு குறிப்பு போதும்.

ரெண்டு மாசம் ஒரு கம்பெனில இருந்தேன், பிடிக்கலை, வந்துட்டேன். அதை எழுதாம விடலாமா?

ரெஸ்யூமேயில் எழுதாமல் விடலாம். அது உங்களைப் பற்றிய சுருக்கம்தான், எல்லாவற்றையும் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தை முந்தைய கம்பெனியின் கணக்கில் சேர்த்து மூடக் கூடாது. பிஜிவி படிவம் ‘எல்லா வேலைகளையும் குறிப்பிடவும்’ என்று கேட்டால் அங்கே கட்டாயம் எழுத வேண்டும். அங்கு பிஎஃப் பிடித்திருந்தால் பணி வரலாற்றில் தனி வரியாக நிற்கும். மறைத்து மாட்டினால், இரண்டு மாதம் வேலை பார்த்ததைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், கையெழுத்திட்ட படிவத்தில் ஏன் மறைத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

இன்டர்ன்ஷிப்பை அனுபவத்துல சேர்த்துக்கலாமா?

தனித் தலைப்பில், இன்டர்ன் என்ற பெயரிலேயே எழுதலாம். அதே கம்பெனியில் நிரந்தரமாக எடுத்திருந்தாலும் ஹெச்ஆர் பதிலில் நிரந்தரமாகச் சேர்ந்த தேதிதான் வரும். ஆறு மாத இன்டர்ன்ஷிப்பை உள்ளே சேர்த்து எழுதினால் ஆறு மாத முரண் ரிப்போர்ட்டில் விழும்.

பழைய கம்பெனியை மூடிட்டாங்க. மெயிலுக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை.

ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப்புகள், சம்பளம் வரவான வங்கி அறிக்கை, ஃபார்ம் 16, பிஎஃப் பணி வரலாறு ஆகியவற்றில் கிடைப்பதையெல்லாம் ஒன்றாக அனுப்புங்கள். கம்பெனி மூடியதை ஏஜென்சிக்கு முதல் நாளே சொல்லிவிட்டால் பதில் வராத மெயிலுக்காகக் காத்திருந்து நாள் வீணாகாது. பழைய மேனேஜரின் எண்ணைக் கொடுக்கலாம், ஆனால் அவர் வாய்மொழியாகச் சொல்வதற்கு ஆவணத்தின் மதிப்பு கிடையாது.

பிஜிவி படிவம் இன்னும் அனுப்பலை. ரெஸ்யூமேல தப்பு இருக்குன்னு இப்பதான் தெரியுது. படிவத்தை ரெஸ்யூமேக்கு ஏத்த மாதிரி நிரப்பிடட்டுமா?

கூடாது. படிவத்தில் ஆவணத்தில் உள்ள தேதியையே எழுதுங்கள். படிவத்தின் அடியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்று கையெழுத்திடுகிறீர்கள், ரெஸ்யூமேயில் அப்படிக் கையெழுத்து பெரும்பாலும் இருக்காது. படிவத்தை அனுப்பும் அன்றே ஆளெடுக்கும் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். ரெஸ்யூமேயில் எந்த வரி தவறு, சரியான தேதி என்ன, எந்த ஆவணத்தில் அது இருக்கிறது என்ற மூன்றும் போதும். நீண்ட விளக்கம், மன்னிப்புப் பட்டியல் எதுவும் வேண்டாம். ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் போன மெயில் திருத்தமாகப் பதிவாகும். வந்த பிறகு போனால் சமாளிப்பாகத்தான் படிக்கப்படும்.

திருத்திய தேதியால் அனுபவம் அவர்கள் கேட்ட அளவுக்குக் கீழே போனால் ஆஃபர் கை நழுவலாம். அதை மறைக்க முடியாது. ஆனாலும் பழைய வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்னால் அது தெரிந்துவிடுவது உங்களுக்கு நல்லது. முடிந்தால் பிஜிவி முடிந்துவிட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பேப்பர் போடுங்கள்.

சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு. இப்போ ரிப்போர்ட்ல ஆரஞ்சுன்னு மெயில் வந்திருக்கு. வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?

எடுக்க முடியும். ‘பின்னணிச் சரிபார்ப்பு திருப்தியாக முடிவதற்கு உட்பட்டது’ என்ற வரி ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் இருக்கும், சேர்ந்த பிறகும் அது செல்லும். ஆனால் ஆரஞ்சு என்றாலே வேலை போய்விடும் என்பதில்லை. வழக்கமாக உங்களிடம் விளக்கம் கேட்டு, அதை ஹெச்ஆர் படித்துவிட்டு முடிவெடுப்பார்கள்.

பதில் எழுதும் முன் ரிப்போர்ட்டில் அந்த வரியின் வாசகத்தை அப்படியே கேட்டு வாங்குங்கள். எந்தக் கம்பெனி, எந்தத் தேதி, யார் சொன்ன பதில் என்று தெரியாமல் பொதுவாக விளக்கம் எழுதினால், அவர்கள் கேட்காத இன்னொரு முரணை நீங்களே எடுத்துக் கொடுத்ததுபோல் ஆகும். பழைய கம்பெனியின் பதிலே தவறாக இருந்தால், அதே ஹெச்ஆர் முகவரிக்கு ரிலீவிங் லெட்டரை இணைத்து எழுதி, திருத்திய பதிலை நேரடியாக ஏஜென்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வழியாக வரும் பதிலை ஏஜென்சி ஏற்காது. தவறு உங்களுடையது என்றால் எந்த வரி, சரியானது என்ன என்று நேரடியாக எழுதிவிடுங்கள். விளக்கத்துக்கு இரண்டு மூன்று வேலை நாள்தான் கொடுத்திருப்பார்கள், அதற்குள் ஆவணம் கிடைக்காவிட்டால் கூடுதல் நாள் கேட்டு கெடு முடிவதற்கு முன்பே எழுதுங்கள்.